எந்த வீடியோவுக்கு எத்தனை ஆர்டர்?

மண்டபம் முதல் தொண்டி வரை கருவாடும் கருப்பட்டியும் விற்கும் சிறு வியாபாரிகள் இப்போது ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பணம் கட்டி விளம்பரம் செய்கிறார்கள். அவர்களிடம் வேலை கேட்டுச் செல்லும் என்னைப் போன்றவர்கள், முன்பு செய்த விளம்பரங்களையும் அவற்றின் பலனையும் காட்டுவது வழக்கம். அப்படிக் காட்டும்போது முதலில் கண்ணைக் கவரும் ஒரு வீடியோவும் அதன் கீழே மொத்தச் செலவும் மொத்த ஆர்டரும் இருக்கும். அந்த வீடியோதான் அத்தனை ஆர்டரையும் கொண்டுவந்தது என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனால் பார்ப்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

இதில் எவ்வளவு மறைய முடியும் என்பதைக் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்களில் பார்க்கலாம். கருவாட்டு வியாபாரி ஒருவர் இரண்டு வீடியோக்களுக்குத் தலா ரூ.10,000 செலவிடுகிறார். முதலாவது, பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடிக் கடலையும் ட்ரோனில் எடுத்தது; 80,000 பேர் பார்க்கிறார்கள், 9 ஆர்டர் வருகிறது. இரண்டாவது, நெத்திலிக் கருவாட்டை எடை போட்டுக் கட்டியபடியே ஒரு பெண் விலையைச் சொல்வது, கைபேசியில் எடுத்தது; பார்த்தவர்கள் 14,000 பேர்தான், ஆர்டர் 50. சராசரி ஆர்டர் ரூ.700 என்றால் மொத்த விற்பனை ரூ.41,300. 'ஒரு ரூபாய் போட்டால் இரண்டு ரூபாய் வந்தது' என்று அறிக்கையில் எழுதிவிடலாம், அது பொய்யும் அல்ல.

ஆனால் சரக்கு, பேக்கிங், கூரியர் எல்லாம் போக ஓர் ஆர்டரில் ரூ.250 மிஞ்சுகிறது என்று வைத்தால், 59 ஆர்டரில் கிடைப்பது ரூ.14,750; விளம்பரச் செலவோ ரூ.20,000. வியாபாரிக்கு ரூ.5,250 நட்டம். பிரித்துப் பார்த்தால், விலை சொல்லும் வீடியோ ரூ.2,500 லாபம் தருகிறது. கடல் வீடியோ ரூ.7,750 நட்டம் தருகிறது. அறிக்கையின் முகப்பில் இருப்பது பெரும்பாலும் நட்டம் தந்த வீடியோதான். (பார்வை எண்ணிக்கை பற்றி ஒன்று: மூன்று விநாடி ஓடினாலே ஒரு பார்வையாகக் கணக்கிடும் அளவீடும் உண்டு, கடலைப் பார்க்க யாரும் மூன்று விநாடி நிற்பார்கள்.)

ஆகவே ஒவ்வொரு வீடியோவின் லிங்கிற்கும் நேரே அதற்கு ஆன செலவு, வந்த விசாரிப்பு, பணம் கட்டிய ஆர்டர் ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வியாபாரம் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் முடிவதால், இதற்கு எளிய வழி, ஒவ்வொரு வீடியோவுக்கும் வேறு வேறு முதல் வாசகத்தை முன்கூட்டியே நிரப்பி வைப்பது:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=K1
https://wa.me/91XXXXXXXXXX?text=K2
```

வாடிக்கையாளர் அனுப்பும் K1 அல்லது K2 ஆர்டர் நோட்டில் ஏறிவிட்டால் மாதக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். சிலர் அந்த எழுத்தை அழித்துவிட்டு அனுப்புவார்கள், சிலர் நேராகப் போன் செய்வார்கள். அவர்களை 'தெரியவில்லை' என்ற தனி வரியில் எழுதுவதே நேர்மை, ஏதாவதொரு வீடியோவின் கணக்கில் சேர்ப்பது அல்ல.

முன்பு செய்த விளம்பரங்களைக் காட்டக் கொடுக்கும் லிங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மெட்டாவின் விளம்பர நூலகத்தில் இந்தியாவின் வணிக விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் தெரியும், நிறுத்தியதும் மறைந்துவிடும். அங்கிருந்து லிங்க் எடுத்துக் கொடுத்தால் சில வாரங்களில் அது வெறும் பக்கமாகிவிடும். வியாபாரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் வெளியான பதிவையே விளம்பரமாக ஓட்டி, அந்தப் பதிவின் லிங்கைக் கொடுப்பது மேல். வீடியோக் கோப்பையும் ஓடிய தேதிகளையும் தனியே சேமித்துக்கொள்ள வேண்டும். உரையாடல் ஸ்க்ரீன்ஷாட்டைச் சான்றாக வைப்பவர்கள், வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் மறைத்தாக வேண்டும்.

தேதி ஏன் முக்கியம் என்றால், இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பச்சை மீன் வரத்து குறையும்போது விளம்பரமே இல்லாமலும் கருவாடு கேட்பவர்கள் கூடலாம். எனவே மார்ச்சையும் மே மாதத்தையும் ஒப்பிட்டு 'விற்பனை ஏறியது' என்று காட்டும் அறிக்கையை அப்படியே ஏற்க முடியாது. சென்ற ஆண்டு மே மாத ஆர்டர் நோட்டு இருந்தால் அதோடு ஒப்பிடலாம். இல்லையென்றால், இதுவரை ஏறக்குறைய ஒரே அளவு ஆர்டர் வந்த இரண்டு ஊர்களை, மதுரை, திருச்சி என்று வைத்துக்கொள்வோம், எடுத்து ஒன்றில் மட்டும் விளம்பரம் ஓட்டி, இரண்டிலும் வரும் ஆர்டரை எண்ணலாம். திருச்சியில் விளம்பரம் இல்லாமலே 20 வந்து, மதுரையில் 32 வந்தால், விளம்பரத்தின் கணக்கில் எழுத வேண்டியது ஏறத்தாழ 12 தான். அதுவும் இவ்வளவு சிறிய எண்களில் இரண்டு மூன்று ஆர்டர் வித்தியாசம் தற்செயலாகவும் வரும் என்பதால், ஒரு மாதத்தோடு நிறுத்தாமல் அடுத்த மாதம் ஊர்களை மாற்றிப் போட்டும் பார்க்க வேண்டியிருக்கும்.