இரண்டு மின்மானிப் படங்களும் ஒரு மின்பட்டியலும்

வீடுகளில் வயரிங் வேலை செய்யும் என்னிடம் மின் கட்டணம் கூடிவிட்டது என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் பட்டியலை மட்டுமே கொண்டுவருகிறார்கள். பட்டியலை வைத்துக்கொண்டு பட்டியலைச் சரிபார்க்க முடியாது. இந்த மாத வாசிப்பிலிருந்து கடந்த மாத வாசிப்பைக் கழித்தால் அதில் போட்டிருக்கும் அலகுகள்தான் வரும். அந்த இரண்டு வாசிப்புகளும் உண்மையிலேயே மானியில் இருந்தவையா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்ல, திகதி தெரிந்த இரண்டு மானிப் படங்கள் வேண்டும்.

கொக்குவிலில் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் அப்படி இரண்டு படங்கள் இருந்தன. கனடாவிலுள்ள மகன் கேட்டதற்காக மார்ச் 1ஆம் திகதியும் 31ஆம் திகதியும் மாலையில் மானியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். முதல் படத்தை 83857 என்றும் அடுத்ததை 84392 என்றும் வாசித்த மகன், ஒரே மாதத்தில் 535 அலகுகள் ஓடியிருக்கின்றன, எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பதறிவிட்டார். ஒரு குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறிகள், கிணற்று மோட்டர், சில விளக்குகள் உள்ள வீடு அது. அங்கே 535 அலகுகள் ஓட வழியே இல்லை.

சக்கரம் சுழலும் பழைய மானி அது. எண்கள் தெரியும் ஆறு கட்டங்களில் வலது ஓரத்தில் உள்ளது சிவப்பு நிறம். சிவப்புக் கட்டம் அலகின் பத்தில் ஒரு பங்கைக் காட்டுகிறது. பட்டியலில் அது சேராது. ஆகவே முதல் படத்தில் இருப்பது 8385, பின்னே 7 பங்கு. இரண்டாவதில் 8439, பின்னே 2 பங்கு. சிவப்பையும் சேர்த்துக் கழித்தால் 53.5, சிவப்பை விட்டுக் கழித்தால் 54. முப்பது நாட்களுக்கு ஏறத்தாழ 54 அலகுகள், நாளொன்றுக்கு 1.8 அலகு. அந்த வீட்டுக்கு அது பொருத்தமான கணக்கு.

ஒரு கட்டத்தில் எண் பாதி உருண்டு, இரண்டு எண்களுக்கு இடையில் நிற்பதும் உண்டு. அப்போது அதற்கு வலப்பக்க எண்ணைப் பாருங்கள். அது இன்னும் 9 ஆக இருந்தால், இடப்பக்கக் கட்டத்திலிருந்து விட்டுப்போகும் எண்ணையே எடுக்க வேண்டும். சரிவாகப் பிடித்த படத்தில் இது தெரியாது. ஃபோனை மானிக்கு நேரே பிடித்து, மானியின் தொடரிலக்கமும் தெரியும்படி எடுங்கள். மானி மாற்றப்பட்டிருந்தாலோ ஒரே சுவரில் இரண்டு மானிகள் இருந்தாலோ அந்த இலக்கம்தான் காப்பாற்றும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் பிடித்த திகதி கோப்பிலிருந்து நீங்கிவிடுகிறது. எனவே மூலப் படத்தை எடுத்த ஃபோனிலேயே அழிக்காமல் வைத்திருங்கள்.

ஆசிரியையின் கவலை வேறு. ஏப்ரல் 5ஆம் திகதி வந்த பட்டியலில் 72 அலகுகள் என்றிருந்தது. படங்கள் 54 என்கின்றன. பட்டியல் 72 என்கிறது. இரண்டும் ஒரே நாட்களுக்கு உரியவை அல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பட்டியலின் காலம் மார்ச் 6 முதல் ஏப்ரல் 5 வரை. படங்களின் காலம் மார்ச் 1 முதல் 31 வரை. இந்த ஐந்து நாள் விலகலைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போய் வாதாடுபவர்கள் தோற்றுத் திரும்புவதைக் கண்டிருக்கிறேன்.

மார்ச் 31இல் 8439. ஐந்து நாட்களுக்கு 9 அலகுகள் கூட்டினால் ஏப்ரல் 5இல் 8448 இருக்க வேண்டும். பட்டியலின் தற்போதைய வாசிப்பும் 8448 தான். ஆக, அன்று மானி வாசிப்பாளர் சரியாகவே வாசித்திருக்கிறார். தவறு இருந்தால் அது முந்தைய வாசிப்பில் இருக்க வேண்டும். பட்டியலில் முந்தைய வாசிப்பு 8376, மார்ச் 6ஆம் திகதிக்குரியது. ஆனால் அதற்கு ஐந்து நாட்கள் முன்பே, மார்ச் 1ஆம் திகதிப் படத்தில் மானி 8385ஐக் காட்டுகிறது. மானி பின்னோக்கி ஓடாது. 8376 என்ற எண் மார்ச் 6ஆம் திகதி அந்த மானியில் இருந்திருக்கவே முடியாது.

முந்தைய பட்டியலைத் தேடி எடுக்கச் சொன்னேன். பெப்ரவரி 4இல் 8340, மார்ச் 6இல் 8376, பாவனை 36 அலகுகள். அது மதிப்பீட்டு வாசிப்பு என்ற குறிப்பும் அதில் இருந்தது. அன்று ஆசிரியை நல்லூருக்குப் போயிருந்தார். படலை பூட்டிக் கிடந்தது. உள்ளே வர முடியாத வாசிப்பாளர் மதிப்பீடாக ஓர் எண்ணைப் போட்டிருக்கிறார். உண்மையில் மார்ச் 6இல் மானி 8394 அளவில் இருந்திருக்கும்.

இரண்டு மாதங்களின் கூட்டுத்தொகையைப் பார்த்தால் பிழை தெரியாது. 36ம் 72ம் சேர்ந்தால் 108. உண்மையான பாவனை 54ம் 54ம் சேர்ந்தாலும் 108. மொத்த அலகுகள் சரி, அடுத்த மாதம் எல்லாம் நேராகிவிடும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அலகுகள் நேராகின்றன, பணம் நேராகாது. இலங்கையில் வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. முப்பது நாட்களுக்கு 60 அலகுகள் வரை ஒரு கட்டண அட்டவணை. 60ஐத் தாண்டினால் வேறோர் அட்டவணை. தாண்டிய 12 அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதாக நினைக்கக்கூடாது. முதல் அலகிலிருந்தே மற்ற அட்டவணையின் விலை வருகிறது. நிலையான மாதக் கட்டணமும் ஏறுகிறது. இரண்டு மாதங்களும் 60க்குள் இருந்த ஒரு வீடு, வாசிப்பு பிரிந்த விதத்தால் மட்டும் ஒரு மாதம் மேல் அட்டவணைக்குப் போய்விட்டது. முதல் மாதம் குறைவாகக் கட்டியது இந்த இழப்பை ஈடுசெய்யப் போதவில்லை.

பட்டியலில் நாட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். வாசிப்பாளர் பிந்தி வந்து 33 நாட்கள் ஆகிவிட்டால் 60 என்ற எல்லையும் அதே விகிதத்தில் 66 ஆக உயர வேண்டும். ஆகவே அலகுகள் கூடியதாலேயே குறை சொல்ல வேண்டாம். நாட்களால் வகுத்துப் பாருங்கள்.

ஆசிரியைக்கு நான் எழுதிக் கொடுத்தது அரைப் பக்கம். மூன்று திகதிகளின் பட்டியல் வாசிப்புகள், இரண்டு படங்களின் வாசிப்புகள், இவற்றைத் திகதி வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது 8385க்குக் கீழே 8376 வந்து நின்றது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிரதேச மின் அலுவலகத்தில் மூலப் படங்களை ஃபோனிலேயே பார்த்தார்கள். இரண்டு மாதங்களையும் 54 அலகுகளாகப் பிரித்து மீண்டும் கணக்கிட்டு, வித்தியாசத்தை அடுத்த பட்டியலில் கழித்துக்கொடுத்தார்கள்.

எண்முறைத் திரையுள்ள மானியில் எண்கள் மாறி மாறி வரும். kWh என்ற அலகு தெரியும் திரையைப் பிடியுங்கள். கூரையில் சூரிய மின்கலங்கள் உள்ள வீடுகளில் பொதுவாகத் திரையில் 1.8.0 என்ற குறியீட்டுடன் வருவது நீங்கள் எடுத்த மின்சாரம், 2.8.0 என்ற குறியீட்டுடன் வருவது நீங்கள் அனுப்பியது. இரண்டையும் தனித்தனியே பிடிக்க வேண்டும்.

மானி வேகமாக ஓடுகிறதா என்பதை இந்தப் படங்கள் சொல்லமாட்டா. அந்தச் சந்தேகம் இருந்தால் பிரதான ஆளியை நிறுத்திவிட்டு மானியைப் பாருங்கள். அப்போதும் சக்கரம் தொடர்ந்து சுழன்றாலோ சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தாலோ மானியைச் சோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். படங்களைப் பொறுத்தவரை, பட்டியல் கைக்கு வரும் அன்றே ஒன்று எடுத்துவிட்டால் ஐந்து நாள் கணக்கும் தேவையில்லை. படத்திலுள்ள எண்ணும் பட்டியலின் தற்போதைய வாசிப்பும் ஓரிரு அலகுகளுக்குள் ஒத்திருக்க வேண்டும்.