திருப்பாவைக்கு 30 ஃபைல், ப்ளேயரில் ஏன் ஐந்து ஆல்பம்?

ஒலிநாடாக்களையும் வீட்டுப் பதிவுகளையும் டிஜிட்டலாக்கிக் கொடுப்பது என் தொழில். மார்கழி நெருங்கும்போது வருகிற வேலையில் பெரும்பாலானது பக்திப் பாடல்கள்தான். பதிவின் தரத்தைப் பற்றி யாரும் அதிகம் குறை சொல்வதில்லை. "வரிசையாக வரமாட்டேன் என்கிறது", "பாதிப் பாட்டைக் காணோம்" என்பதுதான் வழக்கமான புகார். பாட்டு எங்கும் போயிருக்காது. ஃபைலுக்குள் எழுதியிருக்கும் டேக் சரியாக இருக்காது.

போன மார்கழிக்கு முன் ஒரு பஜனைக் குழுவிலிருந்து திருப்பாவைத் தொகுப்பு ஒன்று வந்தது. ஐந்து பெண்கள் மாறி மாறிப் பாடியது. 30 பாசுரங்களும் அவற்றுக்கு முன் சொல்லும் தனியன்களும் MP3 ஃபைல்களாக இருந்தன. போனில் போட்டால் திருப்பாவை என்ற பெயரிலேயே ஐந்து ஆல்பங்கள், ஒவ்வொன்றிலும் சில பாட்டுகள். ஆல்பத்தின் பெயர் எல்லா ஃபைலிலும் ஒன்றுதானே என்று கேட்டார்கள். ஒன்றுதான். ஆனால் பல ப்ளேயர்கள் ஆல்பத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, ஆல்பத்துக்கு உரியவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்கின்றன. அதற்கென ALBUMARTIST என்று ஒரு தனிக் கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் ARTIST கட்டத்தில் இருக்கும் பாடகரை வைத்தே பிரித்துவிடும். ஐந்து பாடகர் என்றால் ஐந்து ஆல்பம்.

இதைச் சரிசெய்ய ARTIST கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பெயரைப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் எந்தப் பாசுரத்தை யார் பாடினார் என்ற தகவலே போய்விடும். ARTIST கட்டத்தில் பாடியவர் பெயரை அப்படியே விட்டுவிட்டு, ALBUMARTIST கட்டத்தில் மட்டும் குழுவின் பெயரை எல்லா ஃபைலுக்கும் ஒன்றாகப் போட வேண்டும். Mp3tag என்ற இலவச மென்பொருளில் எல்லா ஃபைலையும் தேர்வு செய்து அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிச் சேமித்தால் போதும். மற்றக் கட்டங்களில் `< keep >` என்று இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு Kid3 இருக்கிறது.

அடுத்தது வரிசை. ட்ராக் எண் இல்லாவிட்டால் ப்ளேயர் பாட்டின் பெயரை வைத்து அடுக்கும். அப்போது மார்கழித் திங்கள் முதலில் வர வாய்ப்பே இல்லை. அங்கண்மா ஞாலத்து முதலில் வரும், அது 22ஆம் பாசுரம். அதற்கடுத்து எது வருகிறது என்று பாருங்கள், உங்கள் ப்ளேயர் தமிழை எப்படி அடுக்குகிறது என்று தெரிந்துவிடும். தமிழ் அகராதி வரிசை தெரிந்த ப்ளேயர் அம்பரமே (17), பிறகு அன்று இவ்வுலகம் (24) என்று போகும். யூனிகோட் எண்ணை மட்டும் பார்க்கிற ப்ளேயரில் இந்த இரண்டும் இடம் மாறிவிடும். யூனிகோட் அட்டவணையில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்பே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். எந்த வரிசை வந்தாலும் ஆண்டாள் பாடிய வரிசை வராது. ஆகவே எண் போட்டே ஆக வேண்டும்.

எண் போடும்போது தனியன்கள் ஒரு சிக்கலைக் கொண்டுவரும். பாடும் முறைப்படி அவை முதலில் வரவேண்டும். அவற்றுக்கு 1, 2, 3 என்று கொடுத்தால் மார்கழித் திங்கள் 4 ஆகிவிடும். கூடாரை வெல்லும் சீர் 30 ஆகிவிடும். மார்கழி 27 அன்று கூடாரவல்லிக்கு 27ஆம் எண்ணைத் தட்டுகிற வீட்டுப் பெரியவருக்கு 24ஆம் பாசுரமான அன்று இவ்வுலகம் பாடும். கேட்டால் "செட்டு கெட்டுப்போச்சு" என்பார். நாளுக்கு ஒன்றாகக் கேட்கிற நூலில் பாசுர எண்ணும் ட்ராக் எண்ணும் ஒன்றாக இருப்பது அவ்வளவு முக்கியம். தனியனுக்கு 0 என்று போடலாமே என்று தோன்றும். சில ப்ளேயர்கள் 0 என்றால் எண்ணே இல்லை என்று எடுத்துக்கொள்கின்றன.

நான் செய்வது இது: DISCNUMBER என்ற கட்டத்தில் தனியன்களுக்கு 1, பாசுரங்களுக்கு 2. ப்ளேயர் முதலில் டிஸ்க் எண்ணையும் அதன்பின் ட்ராக் எண்ணையும் பார்த்து அடுக்கும். தனியன் முன்னால் வந்துவிடும், பாசுரங்களுக்கு அவற்றின் சொந்த எண்ணே இருக்கும். முடிவில் ஒரு ஃபைல் இப்படி இருந்தது:

```
TITLE:       நோற்றுச் சுவர்க்கம்
ARTIST:      (பாடியவர் பெயர்)
ALBUMARTIST: (குழுவின் பெயர்)
ALBUM:       ஸ்ரீ ஆண்டாள் திருப்பாவை
DISCNUMBER:  2
TRACK:       10/30
COMPOSER:    ஆண்டாள்
GENRE:       பக்தி
```

தலைப்பில் "திருப்பாவை - பாசுரம் 10 - நோற்றுச் சுவர்க்கம்" என்று எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். முதலில் அப்படித்தான் வந்திருந்தது. கார் ஸ்டீரியோவின் சின்னத் திரையில் பத்துப் பன்னிரண்டு எழுத்துதான் தெரியும், 30 பாட்டும் "திருப்பாவை - பா..." என்றே நிற்கும். பாசுரத்தை நாம் அடையாளம் சொல்வதே முதல் சொற்களை வைத்துத்தான். அவையே தலைப்பாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகும் ஆல்பம் ஒன்றாகவில்லை, இரண்டாக நின்றது. பார்வைக்கு இரண்டின் பெயரும் அச்சு அசலாக ஒன்று. தமிழில் டேக் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. ஸ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்க முடியும். ஸ் என்பதில் தொடங்கினாலும், ஶ் என்ற இன்னொரு கிரந்த எழுத்தில் தொடங்கினாலும் பெரும்பாலான எழுத்துருக்கள் ஒரே ஸ்ரீயாகத்தான் காட்டும். கண்ணுக்கு ஒன்று, ப்ளேயருக்கு இரண்டு. ஒருவர் கணினியிலும் இன்னொருவர் போனிலும் அடித்திருந்தால் இந்த வித்தியாசம் சுலபமாக நுழைந்துவிடும். பக்திப் பாடல் தொகுப்பில் ஸ்ரீ இல்லாத பக்கம் ஏது!

கண்டுபிடிக்கும் வழி எளிது. பெயரை நோட்பேடில் ஒட்டி, ஸ்ரீக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை இரண்டு முறை அழுத்துங்கள். ஈகாரக் குறியும் ரகரமும் போய், மிஞ்சுவது ஸ்-ஸா ஶ்-ஸா என்று தெரிந்துவிடும். இரண்டில் எது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பெரும்பாலான விசைப்பலகைகளில் கைக்கு வருவது ஸ் என்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன். நாளைக்கு யாராவது தேடினால் கிடைக்க வேண்டுமே.

ஒகர ஓகாரங்களிலும் இதே தொல்லை உண்டு. நோற்று என்பதில் உள்ள நோ, ஒரே குறியாகவும் இருக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக ஒட்டியதாகவும் இருக்கலாம். பழைய ஆவணங்களிலிருந்து எழுத்துரு மாற்றிக் கொண்டுவந்த பெயர்களில் இதைப் பார்த்திருக்கிறேன். பேக்ஸ்பேஸ் ஒரு முறை அழுத்தும்போது நே என்று மிஞ்சினால் அது பிரிந்த வடிவம். அழித்துவிட்டுப் புதிதாக அடித்துவிடுங்கள். பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியும் ஆல்பத்தைப் பிரிக்கும், அதையும் பாருங்கள்.

சில பழைய ஃபைல்களில் தலைப்பு `jpUg;ghit` என்பதுபோல் இருக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாமினி எழுத்துருவில் அடித்த திருப்பாவை அது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அப்படித்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். தலைப்பு முழுக்கக் கேள்விக்குறியாக இருந்தால் விஷயம் வேறு. அநேகமாக ப்ளேயர் ID3v1 என்ற பழைய டேக்கைப் படிக்கிறது. அதில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம், தமிழை எழுத முறையான வழியும் இல்லை. Mp3tag-இல் Options, Tags, Mpeg என்று போய் ID3v1 எழுதுவதை நிறுத்திவிட்டு, ID3v2.3 UTF-16 என்பதைத் தேர்வு செய்யுங்கள். 2.4 புதியதுதான், ஆனால் 2.3-ஐப் படிக்காத கருவியை நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லை. அதற்கு டேக்கில் மருந்து கிடையாது.

இனி அட்டைக் குறிப்பு. ஒலிநாடா உறைக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பாடியவர், பக்கவாத்தியம், ராகம் எல்லாம் இருக்கும். ராகத்தை GENRE கட்டத்தில் போடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். இன்று கச்சேரிகளில் பரவலாகக் கேட்பது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டு. அதில் முதல் ஐந்து பாசுரங்களும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்தின கீர்த்தனைகளின் ராக வரிசையிலேயே போகும். அதை GENRE கட்டத்தில் வைத்தால் ப்ளேயரில் நாட்டை என்று ஒரு வகை, அதில் ஒரே பாட்டு, கௌளை என்று ஒரு வகை, அதிலும் ஒரே பாட்டு என்று நீளும். ராகமும் மெட்டமைத்தவர் பெயரும் COMMENT கட்டத்துக்கு. COMPOSER கட்டத்தில் ஆண்டாள் இருக்கட்டும். பாடலாசிரியருக்கென்று தனிக் கட்டம் இருந்தாலும் பல ப்ளேயர்கள் அதைக் காட்டுவதில்லை. ஆண்டாள் பெயரை ARTIST கட்டத்தில் போட்டால் பாடியவருக்கு இடமில்லாமல் போகும்.

YEAR கட்டத்தில் பதிவு செய்த ஆண்டு தெரிந்தால் போடுங்கள், தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். டிஜிட்டலாக்கிய ஆண்டைப் போட்டால் பழைய பதிவு புதுப் பாட்டு வரிசையில் போய் நிற்கும். அதை வேண்டுமானால் COMMENT கட்டத்தில் எழுதலாம்.

உறையின் படத்தை ஸ்கேன் செய்து அப்படியே உள்ளே வைப்பதுதான் அடுத்த தவறு. பஜனைக் குழுவினர் வைத்திருந்த படம் 4 எம்.பி. அது 30 ஃபைலுக்குள்ளும் இருந்ததால் 120 எம்.பி. படத்துக்கே போயிற்று. சதுரமாக வெட்டி, 600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிய JPEG போதும். சேமிக்கும்போது progressive என்ற தேர்வை எடுத்துவிடுங்கள், அந்த வகைப் படத்தைக் காட்டாத கார் ஸ்டீரியோக்கள் இருக்கின்றன. உறையிலுள்ள சிற்றெழுத்துகளைப் படமாக வைத்தால் யாராலும் படிக்க முடியாது. குறிப்பைத் தட்டச்சு செய்து அதே ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வையுங்கள்.

எல்லாம் சரிசெய்தும் போனில் பழையபடியே தெரிந்தால் பதற வேண்டாம், போன் பழைய டேக்கை நினைவில் வைத்திருக்கிறது. ப்ளேயரில் மறுபடி ஸ்கேன் செய்யும் வசதி இருந்தால் அதைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் ஃபோல்டரை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள். காரில் பென் டிரைவ் போடுகிறவர்கள் ஃபைல் பெயரிலும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், `2-01`, `2-02` என்று சுழியம் சேர்த்து. இல்லையென்றால் 1-க்கு அடுத்து 10 வரும். சில பழைய ஸ்டீரியோக்கள் டேக்கையும் பார்க்காது, பெயரையும் பார்க்காது. எந்த ஃபைல் முதலில் நகலெடுக்கப்பட்டதோ அதையே முதலில் பாடும். அவற்றுக்கு பென் டிரைவைக் காலி செய்துவிட்டு, ஃபைல்களை ஒவ்வொன்றாக வரிசைப்படி நகலெடுப்பதுதான் வழி.