பெயரை மாற்றிப் பாருங்கள்

வியாபாரக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. இப்போதெல்லாம் வருபவற்றில் பாதி ஏஐ எழுதியவை. சென்ற மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் அனுப்பினார். மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்க, தென்னை நார்க்கழிவைக் கட்டியாக்கி விற்பவர். ஓசூரில் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் ஒருவருக்கு எழுதிய கடிதம் அது.

"இந்த மின்னஞ்சல் உங்களை நலமுடன் சந்திக்கும் என நம்புகிறேன். நிலைத்த வேளாண்மையில் உங்கள் விருது பெற்ற பயணம் எங்களைக் கவர்ந்தது. எங்கள் உயர்தரத் தயாரிப்புகள் உங்கள் உற்பத்தியைப் புதிய உயரத்துக்குக் கொண்டு செல்லும். 15 நிமிடம் பேசலாமா?"

"ஏனுங்க, நல்லாத்தானே எழுதியிருக்கு?" என்றார்.

பெறுபவரின் பெயரை எடுத்துவிட்டு ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் பெயரைப் போடச் சொன்னேன். ஒரு வரிகூட இடறவில்லை. அப்படி எவருக்கும் பொருந்தும் வரியை நான் அடித்துவிடுவேன். விருது பற்றிக் கேட்டேன். அவருக்கே தெரியாது, ஏஐ தானாகப் போட்டுக்கொண்டது. வாங்காத விருதுக்குப் பாராட்டு வந்தால், படிப்பவர் அந்த இடத்திலேயே மூடிவிடுவார்.

பிறகு போனில் கேட்டது ஒன்றுதான்: ஓசூரில் எத்தனையோ பேர் இருக்க, இவருக்கு ஏன்? கொஞ்சம் தயங்கிச் சொன்னார். அங்குள்ள உரக்கடைக்காரர் சொன்னாராம்: இவர் முன்பு வாங்கிய கட்டியில் உப்பு அதிகம், ரோஜா இலை ஓரம் கருகிப்போச்சு, இப்போது நன்றாகக் கழுவிய சரக்கைத் தேடுகிறார்.

காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் செடி கருகிய கதையை எழுத வேண்டாம் என்றேன். முன்பின் தெரியாதவன் நம் நஷ்டத்தைப் பேசினால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். தேடுகிறார் என்பது மட்டும் போதும். "உயர்தரம்" இருந்த இடத்தில் உப்பின் அளவைக் காட்டும் ஈசி எண் வந்தது. 15 நிமிடப் பேச்சுக்குப் பதில், அவரே சோதித்துப் பார்க்க ஒரு கட்டி.

"வணக்கம். பொள்ளாச்சியில் நார்க்கழிவுக் கட்டி தயாரிக்கிறேன். கழுவிய சரக்கு தேடுகிறீர்கள் என்று உங்கள் ஊர் உரக்கடைக்காரர் சொன்னார். எங்கள் கட்டியைக் கழுவியபின் ஈசி 0.5-க்குக் கீழே இருக்கிறது. 5 கிலோ கட்டி ஒன்றை லாரி பார்சலில் அனுப்பட்டுமா? காசு வேண்டாம். உங்கள் மீட்டரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

அனுப்புமுன் உரக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன். "தாராளமா என் பேரையே போடுங்க" என்றாராம். பெயரையும் சேர்த்தோம். நலம் விசாரிக்காமல் எழுதுவது மரியாதையா என்று நம்மவருக்குக் கடைசிவரை உறுத்தல். "வணக்கம்" இருக்கிறதே என்று சமாளித்தேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: "கட்டி வந்துச்சு. மீட்டர் 0.9 காட்டுது. நீங்க எந்தத் தண்ணியில ஊற வச்சுப் பாத்தீங்க?"

ஓசூர்க்காரர் ஊறவைத்தது போர் தண்ணீரில். அந்தத் தண்ணீரின் உப்பும் அளவில் சேர்ந்துவிடும். ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்து மறுபடி பார்க்கும்படி நம்மவர் எழுதினார். அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டவே இல்லை.