திரும்பி வந்த காசோலை: பேரேட்டு நிலுவையும் அறிவிப்பில் கேட்க வேண்டிய தொகையும்

குன்னூரில் தேயிலைத்தூள் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கணக்குகளை நான் பார்த்து வருகிறேன். மேட்டுப்பாளையத்துக் கடைக்காரர் ஒருவர் அவருக்கு ரூ.84,000 தர வேண்டியிருந்தது. உடனே பணம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி என்ற பேச்சின்படி, ஜூன் 3 தேதியிட்டு ரூ.82,320-க்குக் காசோலை கொடுத்தார். கணக்கில் போதிய பணம் இல்லை என்ற காரணத்துடன் அது திரும்பியது. வங்கியின் குறிப்பாணை ஜூன் 10 அன்று கைக்கு வந்தது.

காசோலை பெற்ற நாளில் குறிப்பேட்டில் எழுதியிருந்த பதிவு இது:

வங்கி க/கு ப 82,320
அளித்த தள்ளுபடி க/கு ப 1,680
வாடிக்கையாளர் க/கு வ 84,000

காசோலை திரும்பியதும் கடையின் கணக்கர் இந்தப் பதிவையே கணினியிலிருந்து நீக்கிவிட்டார். இதை நான் பல கடைகளில் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. வங்கி அறிக்கையில் வரவு ஒன்றும் பற்று ஒன்றும் இருக்க, நம் ஏட்டில் இரண்டுமே இல்லாமல் போனால், பின்னாளில் நீதிமன்றத்தில் கடனை நிரூபிக்க வேண்டிய பேரேடே நமக்கு எதிராகப் பேசும். பழைய பதிவைத் தொடாமல், திரும்பிய நாளில் அதற்கு எதிர்ப்பதிவு எழுதுவதே முறை:

வாடிக்கையாளர் க/கு ப 84,000
வங்கி க/கு வ 82,320
அளித்த தள்ளுபடி க/கு வ 1,680

பணம் வராததால் தள்ளுபடிக்கான காரணமும் போய்விட்டது. எனவே அதையும் சேர்த்தே திருப்ப வேண்டும். வங்கி பிடித்த கட்டணம் ரூ.295-ஐ வாடிக்கையாளர் ஏற்க வேண்டும் என்ற உடன்பாடு இருந்ததால், அவர் கணக்கில் பற்றும் வங்கியில் வரவும் எழுதினோம். அத்தகைய உடன்பாடு இல்லையென்றால் அது நம் வங்கிக் கட்டணச் செலவு. இப்போது பேரேட்டில் அவருடைய நிலுவை ரூ.84,295.

கணக்கு சரியாக முடிந்த இந்த இடத்தில்தான் அடுத்த பிழை காத்திருந்தது. கடைக்காரருக்கு அனுப்ப நண்பர் எழுதி வைத்திருந்த அறிவிப்பில், பேரேட்டைப் பார்த்து, ‘ரூ.84,295 தரவும்’ என்று மட்டும் இருந்தது. பணமில்லாமல் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு கேட்கச் சொல்வது காசோலையில் உள்ள தொகையை, அதாவது ரூ.82,320-ஐ. மற்றவற்றைக் கேட்கலாம், ஆனால் காசோலைத் தொகையைத் தனியாகக் குறிப்பிட்டு, அவற்றை வேறு வரியில் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் அறிவிப்பு செல்லாமல் போகும். தொகை மாறியது தட்டச்சுப் பிழை என்ற விளக்கத்தைக்கூட உச்ச நீதிமன்றம் 2025-இல் ஏற்கவில்லை.

இதற்கிடையே கடைக்காரர், “இருபதாயிரத்தை இப்போது அனுப்பிவிடுகிறேன், செக்கை அடுத்த வாரம் திரும்பப் போட்டுப் பாருங்கள்” என்றார். காசோலையின் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை மீண்டும் வங்கியில் செலுத்தலாம். அது மறுபடி திரும்பினால் அதன் பேரிலும் வழக்குத் தொடரலாம். ஆனால் இருபதாயிரத்தை வாங்கிக்கொண்டு முழுத் தொகைக்கும் அதே காசோலையைச் செலுத்தினால், அன்றைய கடனைவிடக் காசோலைத் தொகை கூடுதலாகி, குற்ற வழக்கு நிற்காது. பெற்ற பகுதியைக் காசோலையிலேயே குறித்து, மீதிக்கு மட்டும் செலுத்த வேண்டும். நான் மறுசெலுத்தலைத் தவிர்க்கச் சொல்லி, அறிவிப்பைத் திருத்தி அனுப்பச் சொன்னேன்.

குறிப்பாணை கிடைத்ததிலிருந்து 30 நாள், அதாவது ஜூலை 10 வரை, அறிவிப்பு அனுப்ப அவகாசம் இருந்தது. ஜூன் 24 அன்று, சேர்ப்பித்த விவரம் கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் அனுப்பினோம். 28-ஆம் தேதி அவர் பெற்றுக்கொண்டார். அன்றிலிருந்து 15 நாள், ஜூலை 13 வரை, அவர் பணம் செலுத்தலாம். செலுத்தாவிட்டால் 14-ஆம் தேதி வழக்குக்கான காரணம் பிறக்கும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், ஆகஸ்ட் 14-க்குள், புகார் கொடுக்க வேண்டும். ஜூலை 13-க்கு முன்பே அவசரப்பட்டுக் கொடுத்த புகாரும் நிற்காது. தகுந்த காரணம் காட்டினால் புகாரில் ஏற்பட்ட தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். அறிவிப்புக்கான 30 நாளைத் தவறவிட்டால் அந்தச் சலுகை கிடையாது.

வழக்குக்காக மலையிறங்க வேண்டுமே என்று நண்பர் கவலைப்பட்டார். 2015-இன் திருத்தத்துக்குப் பிறகு, நம் கணக்கில் செலுத்திய காசோலைக்கு, நமது கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட நடுவர் நீதிமன்றத்திலேயே புகார் கொடுக்கலாம். நண்பருடைய கணக்கு குன்னூர்க் கிளையில் இருக்கிறது. 138-ஆவது பிரிவு கைவிட்டாலும், பணத்தை மீட்க உரிமையியல் வழக்குத் தொடர மூன்றாண்டு உண்டு.

அந்தத் தேவை எழவில்லை. அறிவிப்பு கிடைத்த பதின்மூன்றாம் நாள் ரூ.82,320 வங்கிக்கு வந்தது. வங்கியில் பற்றும் வாடிக்கையாளர் கணக்கில் வரவும் எழுதினோம். தள்ளுபடியும் கட்டணமுமாக மீதி ரூ.1,975 அவர் பெயரிலேயே நிற்கிறது. அதை அடுத்த சரக்குக்கு முன் தருவதாக எழுத்தில் வாங்கியிருக்கிறோம்.