கண்ணிமையில் வந்த சொறியும் இடுப்பில் வந்த சொறியும்

நுவரெலியாவுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து 46 வயதுப் பெண்ணொருவர் எங்கள் தோல் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது, பிதுக்கித் தீர்ந்த ஐந்து கிறீம் குழாய்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஐந்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பங்கசுக்கு எதிரான மருந்து, பற்றீரியாவுக்கு எதிரான மருந்து, வலிமை மிக்க ஸ்டெரொய்ட் ஆகிய மூன்றும் கலந்த அந்தக் கிறீமை, வைத்தியரின் துண்டு இல்லாமலேயே மருந்தகத்தில் வாங்கியிருந்தார். "படர்தாமரைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க டொக்டர். பூசினா ரெண்டு நாள்ல இறங்கிடுது, விட்டா மூஞ்சியெல்லாம் திரும்ப எரியுது" என்றார்.

அவருடைய மேலிமைகள் இரண்டும் தடித்து வீங்கியிருந்தன. காதுகளின் பின்புறம், தாடையின் கீழ்ப்பகுதி, கழுத்து மடிப்புகள், முழங்கையின் உள்மடிப்பு, இரு புறங்கைகள் ஆகிய இடங்களிலும் தோல் கறுத்து, சொரசொரப்பாகித் தடித்திருந்தது. இவற்றோடு தொடர்பில்லாததுபோல், கொழுந்து பறிக்கும்போது படங்கு கட்டும் இடுப்புப் பகுதியில் மட்டும், வலப்பக்கமாக, ஓரம் சற்றே உயர்ந்து செதிலோடு சிவந்தும் நடுப்பகுதி ஓரளவு தெளிந்தும் இருந்த வளையமொன்று காணப்பட்டது. அவரைப் பொறுத்தவரை இவை அனைத்தும் ஒரே சொறி. உண்மையில் அவரிடம் இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பொருந்தாது.

இடுப்பில் இருந்தது பங்கசுத் தொற்று, அதாவது படர்தாமரை. பங்கசு தோலின் மேற்படையைத் தின்றுகொண்டு ஓர் இடத்திலிருந்து வெளிநோக்கி மெல்லப் பரவுவதால்தான் அதன் உயிர்ப்பு முழுவதும் ஓரத்தில் இருக்கிறது. மழையில் நனைந்த படங்கின் கீழே இடுப்பும், சப்பாத்துக்குள் கால்விரல் இடுக்குகளும், இறுகிய உடையின் கீழே தொடை இடுக்கும் நாள் முழுவதும் ஈரமாக இருப்பதால் அது பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது. உடலின் இருபக்கமும் ஒரே அளவில் வருவது குறைவு. உள்ளங்கையில் வந்தால்கூட, பல வேளைகளில் இரு பாதங்களோடு ஒரு கை மட்டுமே பாதிக்கப்பட்டிருக்கும்.

முகத்திலும் கழுத்திலும் இருந்தது வேறு. அதற்கு வளையமோ தெளிவான எல்லையோ கிடையாது. இருபக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், காற்றும் தூசும் வந்து படியும் இடங்களில் அது பரவியிருந்தது. வெயிலால் மட்டுமே வரும் ஒவ்வாமையில், நிழல் விழும் இடங்களான மேலிமையும் காதின் பின்புறமும் தாடையின் கீழ்ப்பகுதியும் பெரும்பாலும் தப்பிவிடும். இவருக்கு அந்த இடங்களே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்ததால், காற்றில் பறக்கும் செடித்துகள்களைப் பற்றி விசாரிக்க வேண்டியதாயிற்று.

விசாரித்ததில், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வவுனியாவில் உறவினரின் காணியில் இரண்டு போகங்கள் களை பிடுங்கியதையும், இரண்டாவது போகத்தின் முடிவில்தான் கண்ணிமை முதன்முதலாக அரித்ததையும் நினைவுகூர்ந்தார். பார்த்தீனியம் என்ற களைச்செடி இலங்கையில் 1999ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது வவுனியாவில்தான். அந்தச் செடியின் நுண்மயிர்களிலும் பூந்தாதிலும் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் உண்டு. செடி காய்ந்து தூளான பிறகும் அதன் வீரியம் போவதில்லை. முதல் தடவை தொட்டவுடன் இது எதையும் செய்வதில்லை. பல வாரங்களோ மாதங்களோ, சிலருக்கு ஆண்டுகளோ தொடர்ந்து பட்ட பின்னரே உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி அதைப் பகையாக அடையாளம் கண்டுகொள்கிறது. அதன் பின்னர் ஒவ்வொரு முறை படும்போதும் ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்துத் தோல் வெடிக்கிறது. இத்தனை காலம் தொட்ட செடி இப்போது எப்படி ஒத்துக்கொள்ளாமற் போகும் என்று தொழிலாளர்கள் கேட்பதும், திங்கட்கிழமை பிடுங்கிய களையைப் புதன்கிழமை வந்த அரிப்போடு தொடர்புபடுத்த முடியாமற் போவதும் இதனால்தான். (காஞ்சோறி பட்டால் சில நிமிடங்களிலேயே தடிப்பு எழுந்து, பெரும்பாலும் அன்றைக்கே அடங்கிவிடும். அது வேறு வகை.)

ஆனால் அவர் மலைநாட்டுக்குத் திரும்பிய பின்னர் பார்த்தீனியத்தைத் தொடவே இல்லை. இங்கே, கொழுந்து பறிப்பது போக மீதி நேரத்தில் ஒரு பூத்தோட்டத்தில் கிறிசாந்திமம் வெட்டப் போகிறார்; மரக்கறிப் பாத்திகளுக்குப் பசளையாகக் காட்டுச் சூரியகாந்தியின் தழையையும் வெட்டிப் போடுகிறார். இவ்விரண்டும் பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பார்த்தெனினை ஒத்த பொருள்கள் இவற்றிலும் உண்டு. ஒரு செடிக்கு விழித்துக்கொண்ட தோல் அதன் உறவுச் செடிகளையும் அடையாளம் கண்டுகொள்கிறது. மலைநாட்டில் பார்த்தீனியம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தால், காரணத்தைத் தவறவிட்டிருப்போம்.

இனி அந்தக் கிறீமைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெருங்குழப்பம் அங்கேதான் விளைகிறது. அதிலுள்ள ஸ்டெரொய்ட், செடி ஒவ்வாமையை இரண்டே நாட்களில் அடக்கிவிடுகிறது. உடனே நோயாளி, பங்கசு மருந்து வேலை செய்தது, ஆகவே இது பங்கசுதான் என்று நம்பிவிடுகிறார். அதே ஸ்டெரொய்ட் படர்தாமரையின் சிவப்பையும் அரிப்பையும் மட்டும் குறைத்து, பங்கசை எதிர்க்கும் தோலின் வலுவை அடக்கிவிடுவதால், பங்கசு ஓசையின்றிப் பரவுகிறது. நாளடைவில் வளையமே மங்கிப்போய், பழகிய கண்களுக்கும் அடையாளம் தெரியாத உருவத்தை எடுக்கிறது. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் வெளியே தெரியும். இமையில் பூசுவது கண்ணழுத்தத்தைக்கூட உயர்த்தக்கூடும். எனவே கிறீம் பூசியதும் அடங்கியது என்பதை வைத்து நோயின் பெயரை முடிவுசெய்ய இயலாது.

நாங்கள் இடுப்பு வளையத்தின் ஓரத்திலிருந்தும் கழுத்திலிருந்தும் செதிலைச் சுரண்டி எடுத்து, 10% பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். இடுப்புச் செதிலில் பங்கசு இழைகள் தெளிவாகத் தெரிந்தன. கழுத்துச் செதிலில் ஒன்றும் இல்லை. பங்கசுக் கிறீம் பூசிக்கொண்டிருப்பவரிடம் இழைகள் தென்படாமல் போகலாம் என்பதால், ஒன்றும் தெரியவில்லை என்ற முடிவை மட்டும் நம்பிவிடக் கூடாது. கழுத்துத் தோல் ஓரளவு அடங்கிய பின்னர், சந்தேகத்துக்குரிய செடிகளின் சாற்றை முதுகில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஒட்டியதை 48 மணி நேரத்தில் அகற்றி ஒரு முறையும், அதற்கு ஓரிரு நாட்கள் கழித்து மறுபடியும் பார்த்ததில், பார்த்தீனியத்துக்கும் கிறிசாந்திமத்துக்கும் தோல் சிவந்து தடித்திருந்தது.

இடுப்புக்கு ஸ்டெரொய்ட் கலவாத பங்கசுக் கிறீமை, வளையத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்ரிமீற்றர்வரை, காலையும் மாலையும், வளையம் மறைந்த பிறகும் இரண்டு வாரங்களுக்குப் பூசச் சொன்னோம். படங்கை நாள்தோறும் கழுவிக் காயவைக்கவும், துவாயை மகளோடு பகிராதிருக்கவும் வேண்டினோம், ஏனெனில் படர்தாமரை தொற்றும். செடி ஒவ்வாமை தொற்றாது. முகத்துக்கு வீரியம் குறைந்த ஸ்டெரொய்ட்டும், கைகளுக்குச் சற்று வலிமையானதும், நாள் குறித்துக் கொடுக்கப்பட்டன. வேலை முடிந்தவுடன் முகம், கழுத்து, கைகளைக் கழுவி, லயத்துக்குள் நுழையுமுன் உடையை மாற்றிக்கொள்ளவும், வெட்டிய செடிகளைக் காயவிட்டுக் கொளுத்தும் இடத்துக்குப் போகாதிருக்கவும் சொன்னோம்.

பூத்தோட்ட வேலையை விடச் சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை; அந்தக் கூலியில்தான் பிள்ளையின் படிப்பு ஓடுகிறது. நல்லவேளையாக அங்கிருந்த மேற்பார்வையாளர் அவரைப் பூ வெட்டுவதிலிருந்து கரட் கழுவும் இடத்துக்கு மாற்றிக்கொடுத்தார். ஆறு வாரங்களில் இடுப்பு வளையம் மறைந்துவிட்டது. இமைகளின் வீக்கமும் வடிந்தது, ஆனால் தேயிலை மலையிலேயே அந்தக் குடும்பத்துக் களைகள் முளைப்பதால் கழுத்து முழுமையாகத் தெளியவில்லை. களை பிடுங்கிய வாரங்களில் அது மீண்டும் அரிக்கிறது; அப்போதெல்லாம், எந்த மலையில், எந்த நாளில் வேலை செய்தார் என்று மகளின் பழைய கொப்பியில் குறித்துக்கொண்டு வருகிறார்.