பத்து கார்கள், ஒரே இணைப்பு: அடுக்குமாடியில் மின்சார சார்ஜர் கணக்கு

அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்சாரக் கார்களுக்கு சார்ஜர் வைக்கும் முன்மொழிவு பெரும்பாலும் ஒரு பெருக்கல் கணக்கிலேயே நின்றுவிடுகிறது. 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் எடுக்கும் சார்ஜரின் திறன் சுமார் 7.4 கிலோவாட், பத்து சார்ஜர்களுக்கு 74 கிலோவாட். கட்டடத்தின் பொது இணைப்பில் மிச்சமிருப்பது மும்முனையில் முனைக்கு 32 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 22 கிலோவாட் என்றால், புது மின்மாற்றி வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தச் செலவு பெரும்பாலும் தேவையற்றது.

ஒரு கார் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால், மீட்டரில் பதிவாகும் மின்சாரம் சுமார் 8 யூனிட். பத்து காருக்கு 80 யூனிட். எட்டு மணி நேர இரவில் 22 கிலோவாட் இணைப்பு தரக்கூடியதோ 176 யூனிட். ஆகவே மின்சாரம் போதும், அதைப் பங்கிடத்தான் ஏற்பாடு வேண்டும். பிரதான கேபிளில் மாட்டிய மின்னோட்ட உணரி, லிஃப்ட்டும் மோட்டாரும் எடுப்பது போக மிச்சம் எவ்வளவு என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தொடர்ந்து சொல்கிறது. அந்தப் பெட்டி ஒவ்வொரு சார்ஜருக்கும் வரம்பு விதிக்க, சார்ஜர் அதை வினாடிக்கு ஆயிரம் துடிப்புகள் கொண்ட சமிக்ஞையாகக் காருக்குத் தெரிவிக்கிறது. துடிப்பின் அகலம் குறைந்தால் கார் தானே குறைவாக எடுத்துக்கொள்ளும்.

கார்களை மூன்று முனைகளுக்கும் 4, 3, 3 எனப் பிரித்தால், நான்கு கார் உள்ள முனையில் ஒவ்வொன்றுக்கும் 8 ஆம்பியர், அதாவது 1.84 கிலோவாட் கிடைக்கும். 8 யூனிட் ஏற நான்கரை மணி நேரத்துக்கும் குறைவு. இந்தச் சமிக்ஞையின் கீழ்வரம்பு 6 ஆம்பியர் என்பதால், முனைக்கு ஐந்து கார் வரையே ஒரே நேரத்தில் ஏற முடியும். அதற்கு மேல் வந்தவை முறை வைத்துக் காத்திருக்கும். பத்து சார்ஜரையும் கவனக்குறைவாக ஒரே முனையில் கோத்துவிட்டால் மற்ற இரு முனைகளின் மிச்சம் வீணாகும் என்பதால், வேலை முடிந்ததும் மூன்று முனைகளின் ஆம்பியரையும் தனித்தனியே அளந்து பார்ப்பது அவசியம்.

மீட்டர் ஏற்பாட்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு வீட்டு மீட்டரிலிருந்தும் வாகன நிறுத்துமிடத்துக்குத் தனி கேபிள் இழுத்தால் கட்டணக் கணக்கு எளிது. ஆனால் மேல்மாடிக்காரரின் கேபிள் நீளமும் செலவும் கூடும், மொத்தப் பளுவைக் கவனிக்கவும் ஆளில்லை. பொது மீட்டருக்குக் கீழே சார்ஜருக்கு ஒரு துணை மீட்டர் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பிரதான கேபிள், பலகை, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றின் செலவை எல்லா வீடுகளும் பகிர்வதும், சார்ஜர், துணை மீட்டர், கிளைக் கேபிள் செலவைப் பயன்படுத்துபவரே ஏற்பதும் நியாயமான பிரிப்பு.

துணை மீட்டர் 8 யூனிட் காட்டும்போது காரின் திரை 7 மட்டுமே காட்டலாம். மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும்போது காருக்குள் ஏற்படும் இழப்பே அது, கட்டணம் மீட்டர்ப்படிதான். லிஃப்ட்டும் மோட்டாரும் எடுத்ததைக் கழித்த பின்னும், துணை மீட்டர்களின் கூட்டுத்தொகையைவிடப் பொது மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதும் இயல்பு. கேபிள் சூடாவதும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சொந்தத் தேவையும் அந்த வித்தியாசத்தில் அடங்கும். மாதாமாதம் ஒரே அளவில் இருந்த வித்தியாசம் திடீரென்று பெருகினால், மீட்டரைத் தாண்டிய இணைப்போ பழுதான துணை மீட்டரோ இருக்கிறதா என்று அன்றே தேட வேண்டும்.