பறவை தெளிந்துவிட்டது என்று மருந்தை நிறுத்தாதீர்கள்

மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு, அதே கூண்டை மறுபடி தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்தது ஒரு காக்கட்டீல் கிளி. இறகை உப்பிக்கொண்டு, கண்ணோரம் ஈரமாக, தூங்கி வழிந்தது. நான் முதலில் பார்த்தது கூண்டுக்கடியில் விரித்திருந்த பேப்பரை. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி எலுமிச்சைப் பச்சையாக இருந்தது. ஈரல் கெட்டிருக்கிறது, பறவையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். (தயவுசெய்து கூண்டைக் கழுவிக் கொண்டுவராதீர்கள். அந்தப் பேப்பர்தான் எனக்கு வேண்டும்.) கண், மேலண்ணம், எச்சத் துவாரம் மூன்றிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து பிசிஆருக்கு அனுப்பினோம். பாசிட்டிவ். நெகட்டிவ் வந்திருந்தாலும் உடனே நம்பியிருக்க மாட்டேன். கிருமி தினமும் வெளியேறாது. சந்தேகம் இருந்தால் மூன்று முதல் ஐந்து நாள் எச்சத்தைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

டாக்ஸிசைக்ளின், 45 நாள் என்று எழுதிக் கொடுத்தேன். பறவை தின்னத் தொடங்கி விசிலும் அடித்ததும் பத்தாவது நாளே நிறுத்திவிட்டார்கள். "நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

நல்லா இல்லை. இந்தக் கிருமி செல்லுக்குள் குடியிருப்பது. அது பெருகும்போதுதான் மருந்தால் அதைத் தடுக்க முடியும். பெருகாமல் பதுங்கிக் கிடப்பதை மருந்து தொடாது. அது விழிக்கும்போதும் ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும், அதற்குத்தான் அத்தனை நாள். விசில் அடிக்கும் பறவையின் எச்சத்திலும் கிருமி வரும். கடைக்காரர் தரும் பவுடரைத் தண்ணீரில் கலப்பதும் வேண்டாம். நோயுற்ற பறவை தண்ணீரே சரியாகக் குடிக்காது, பிறகு மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று யார் சொல்வது? மருந்து கொடுக்கும் நாள்களில், பறவை கொறிக்க வைக்கும் கடல் நுரை என்கிற கணவாய் ஓட்டையும் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து மருந்தை உடம்பில் சேரவிடாது.

அந்த வீட்டுப் பாட்டிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வறட்டு இருமல். அமாக்ஸிசிலின் சாப்பிட்டும் குறையவில்லை. கூண்டுக்கடியில் தினமும் விளக்குமாறால் பெருக்கியது அவர்தான். காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சில் போனால் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும், நிமோனியா வரைக்கும் போகும். அமாக்ஸிசிலின் வகை மருந்துகளை இதற்கு நம்ப முடியாது, டாக்ஸிசைக்ளின் கேட்கும். ஆனால் வீட்டில் பறவை இருக்கிறது என்று அவருடைய டாக்டரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகுதான் மருந்து மாறியது.

பெருக்காதீர்கள். பறவையை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு, எச்சத்தை முதலில் நனைத்து, பிறகு துடைத்தெடுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம். புதிதாக வாங்கும் பறவையைக் குறைந்தது 30 நாள் தனியறையில் வையுங்கள். ஒருமுறை குணமானாலும் எதிர்ப்புச் சக்தி நிலைக்காது, அடுத்து வாங்கும் ஜோடியிடமிருந்து மறுபடி தொற்றும்.